கால் வெளிப்பக்கம் திரும்பிய பின் கணுக்காலுக்கு மேலே வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பந்து விளையாடும்போது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. வீக்கம் பெரிதாக இல்லை. கணுவுக்குச் சற்று மேலே, முன்பக்கமாகத்தான் வலிக்கிறது. சாதாரணச் சுளுக்குதானே?

இல்லாமலும் இருக்கலாம். சாதாரணச் சுளுக்கில் பாதம் உட்பக்கமாக மடங்கும். வெளிப்பக்கக் கணுவுக்குக் கீழேயும் அதற்குச் சற்று முன்னேயும் உள்ள, எலும்போடு எலும்பை இணைக்கும் லிகமென்ட்டுகள் கிழியும். சில மணி நேரத்திலேயே அந்த இடம் முட்டை போல வீங்கிவிடும். நீங்கள் சொல்வது வேறு வகை. பாதம் தரையில் பதிந்திருக்க, உடலும் காலும் உட்பக்கம் சுழன்று, பாதத்தின் விரல்கள் மட்டும் வெளியே பார்த்தபடி நின்றுவிட்டால், விசை கணுவுக்குக் கீழே போகாமல் மேலே ஏறுகிறது. இதனால் வரும் காயத்தை எலும்பு மருத்துவர்கள் ‘ஹை ஆங்கிள் ஸ்ப்ரெயின்’ என்கிறார்கள்; மேல் கணுக்கால் சுளுக்கு என்று சொல்லலாம்.

கால்பந்திலும் கபடியிலும் ஒருவர் மற்றவரின் கெண்டைக்கால்மேல் வெளிப்பக்கத்திலிருந்து விழும்போது இது நடக்கும். நம் சாலைகளில் இன்னொரு வழியும் உண்டு: மழையில் ஸ்கூட்டர் சறுக்கும்போது விழாமலிருக்கக் காலை ஊன்றுகிறோம், பாதம் தார்ச்சாலையில் நின்றுவிட, வண்டியும் உடலும் சுழன்று போகின்றன. விளையாட்டுப் பழக்கமே இல்லாதவர்கள் இப்படி அடிபட்டு வந்து, "லேசாகத்தான் திரும்பியது" என்பார்கள். வீக்கம் குறைவாக இருப்பதை வைத்துக் காயமும் சிறியது என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வகைச் சுளுக்கில் வீக்கத்துக்கும் காயத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு குறைவு.

அந்த இடத்தில் உள்ளே என்னதான் கிழிகிறது?

முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு எலும்புகள் இறங்குகின்றன. உட்பக்கம் இருக்கும் தடித்த எலும்பு டிபியா. வெளிப்பக்கம் இருக்கும் மெலிந்த எலும்பு ஃபிபுலா. கணுக்காலின் இருபுறமும் கையில் தட்டுப்படும் புடைப்புகள் இவற்றின் கீழ் முனைகளே. இந்த இரண்டு முனைகளும் சேர்ந்து, மேலேயும் இருபுறமும் மூடிய ஒரு கவ்வியை உண்டாக்குகின்றன. பாதத்தின் மேலெலும்பான டாலஸ் அந்தக் கவ்விக்குள் அமர்ந்து முன்னும் பின்னும் அசைகிறது.

கவ்வி விரியாமல் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்திருப்பவை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நடுவே ஒன்று எனக் குட்டையான, வலுவான லிகமென்ட்டுகள். அவற்றுக்கு மேலே முழங்கால் நோக்கி இரண்டு எலும்புகளையும் இணைத்துச் செல்லும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பாதம் வெளியே திரும்பும்போது டாலஸ் சுழன்று ஃபிபுலாவை வெளிப்பக்கமாகவும் பின்பக்கமாகவும் தள்ளுகிறது. பெரும்பாலும் முதலில் கிழிவது முன்பக்க லிகமென்ட். விசை இன்னும் மிஞ்சியிருந்தால் நடுவே உள்ளது, பிறகு சவ்வு என்று கிழிசல் மேல்நோக்கிப் போகும். உட்பக்கக் கணுவுக்குக் கீழே விசிறி போலப் பரந்திருக்கும் டெல்டாய்டு லிகமென்ட்டும் இதே சுழற்சியில் அடிபடக்கூடும். இந்த டெல்டாய்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் அதுதான் தீர்ப்புச் சொல்லப்போகிறது.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஏதாவது பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகப்படுவதற்கு வேண்டிய அளவுக்குப் பார்க்க முடியும்.

ஆள்காட்டி விரலால் வெளிப்பக்கக் கணுவின் முன்புறத்தில் தொடங்கி, இரண்டு எலும்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியே விரலளவு விரலளவாக மேலே அழுத்திக்கொண்டு போங்கள். கணுவுக்குக் கீழே அழுத்தினால் வலியில்லை, மூட்டு மட்டத்திலும் அதற்கு மேலும் அழுத்தினால் வலிக்கிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. வலி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மேலே போகிறதோ, பொதுவாகக் குணமாகும் காலமும் அவ்வளவு நீளும். அடுத்து, கெண்டைக்காலின் நடுப்பகுதியை இருபுறமும் உள்ளங்கைகளால் சேர்த்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்துவது மேலே, வலி எழுவது கீழே கணுக்காலுக்கு அருகில் என்றால் அதுவும் ஓர் அடையாளம். மேலே நெருக்கும்போது கீழே முனைகள் லேசாக விலகுவதால் அப்படி வலிக்கிறது.

பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. அதை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ செய்யட்டும். கிழித்த அசைவையே திரும்பச் செய்வது அது. வீட்டில் உள்ளவர்கள் ஆர்வத்தில் வேகமாகத் திருப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நடையைக் கவனித்தாலே பாதி புரிந்துவிடும். இந்தக் காயம் உள்ளவர் குதிகாலை முழுதாகப் பதிக்காமல் முன்பாதத்தில் எட்டு வைப்பார். அல்லது பாதம் முழுவதையும் பதித்தாலும், உடல் பாதத்தைத் தாண்டி முன்னே போவதற்குள் அவசரமாகக் காலை எடுத்துவிடுவார். அந்த ஒரு கணத்தைத் தவிர்ப்பதற்காக உடல் தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட நடை அது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஏன் நடக்க முடியவில்லை?

எக்ஸ்ரே லிகமென்ட்டைக் காட்டாது. எலும்புகளுக்கு இடையே இடைவெளி கூடியிருக்கிறதா என்பதை மட்டுமே அதில் மறைமுகமாகப் பார்க்க முடியும். மூட்டு மட்டத்துக்கு 1 செ.மீ. மேலே டிபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 6 மி.மீ.க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். உட்பக்கக் கணுவுக்கும் டாலஸுக்கும் உள்ள இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் போனால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இந்த அளவுகள் கால் எந்தக் கோணத்தில் வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து மாறும். அடிபட்ட அன்று கட்டிலில் படுக்கவைத்து எடுத்த படத்தில், பாரமே இல்லாத காலில் எலும்புகள் தம் இடத்திலேயே கிடப்பதில் வியப்பில்லை. நிற்கவைத்து, இரண்டு கால்களையும் எடுத்து, நல்ல காலோடு ஒப்பிட்டால்தான் அந்தப் படம் பேசும். வலியால் நிற்கவே முடியாவிட்டால் சில நாள் கழித்து நின்றபடி மறுபடம் எடுப்பதுண்டு.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒட்டாவா விதிகள் 1992இல் வந்தவை. நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா, கணு எலும்புகளின் பின்விளிம்பில் அழுத்தினால் வலிக்கிறதா என்பன போன்ற சில கேள்விகளால் அவை எலும்பு முறிவைக் கண்டுபிடிக்க உதவுகின்றன. இந்தச் சுளுக்கைக் கண்டுபிடிக்க அவை வகுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிழிசல் சவ்வின் வழியே மேலே ஏறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஃபிபுலாவை முறித்துவிடுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் மேசோன்னவ் முறிவு என்பார்கள். கணுக்காலை மட்டும் எடுத்த படத்தில் அது விழாது. ஆகவே முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, முழு நீளத்துக்கும் படம் எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

சந்தேகம் நீடித்தால் எம்.ஆர்.ஐ. எந்த லிகமென்ட் கிழிந்திருக்கிறது என்று நன்றாகவே காட்டும். கவ்வி விரிகிறதா இல்லையா என்பதை, படுத்த நிலையில் எடுக்கும் அந்தப் படம் மட்டும் சொல்லிவிடாது.

போன தடவை சுளுக்கினபோது இரண்டு வாரத்தில் ஓடினேன். இது மட்டும் ஏன் ஆறு வாரம், எட்டு வாரம் என்கிறார்கள்?

முதன்மையான காரணம், நடப்பதே இந்தக் காயத்தை இழுக்கிறது என்பதுதான்.

டாலஸின் மேற்பரப்பு பின்பக்கத்தைவிட முன்பக்கம் சில மில்லிமீட்டர் அகலமானது. பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது கவ்விக்குள் இருப்பது குறுகிய பின்பகுதி. கவ்வி தளர்வாக இருக்கும். முழங்கால் விரல்களுக்கு மேலே வருமாறு உடல் முன்சாயும்போது அகலமான முன்பகுதி ஆப்பு போலக் கவ்விக்குள் நுழைகிறது. ஃபிபுலா சற்று விலகி இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல காலில் இது ஒரு மில்லிமீட்டர் அளவிலான அசைவு. லிகமென்ட்டுகள் அதை அனுமதித்துத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. கிழிந்த காலில், ஒவ்வொரு அடியிலும், உடல் பாதத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில், ஒட்ட முயலும் இரண்டு முனைகளும் உடல் எடையாலேயே பிரிக்கப்படுகின்றன. வீட்டுக்குள் நடமாடினாலே ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அடிகள் ஆகிவிடும்.

சாதாரணச் சுளுக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதில் கிழியும் வெளிப்பக்க லிகமென்ட், பாதம் கீழ்நோக்கி நீண்டு உட்பக்கம் மடங்கும்போதுதான் இழுபடும். சமதரையில் நேராக நடப்பது அதை அவ்வளவாக இழுப்பதில்லை. அதனால் அந்தச் சுளுக்கில் ‘சீக்கிரம் நடக்கத் தொடங்குங்கள்’ என்பது நல்ல அறிவுரை. இங்கே, காயத்தின் தரம் தெரியாமல் அதே அறிவுரையைப் பின்பற்றினால் குணம் தள்ளிப்போகும். போன தடவை இரண்டு வாரத்தில் ஓடியது உங்கள் உடல்வாகால் மட்டும் அல்ல. அது வேறு காயம்.

இரண்டாவது காரணம் தசை. வெளிப்பக்கக் கணுவின் பின்னால் இறங்கும் தசைகள், பாதம் உட்பக்கம் மடங்கப்போகும்போது அதை எதிர்த்து இழுத்துப் பிடிக்கும். எனவே வெளிப்பக்க லிகமென்ட் முழுதாக ஆறுவதற்கு முன்பே பயிற்சி பெற்ற தசைகள் காவலுக்கு நின்றுவிடுகின்றன. டிபியாவையும் ஃபிபுலாவையும் நேரடியாகச் சேர்த்து இறுக்கும் வேலையைச் செய்யத் தசை எதுவும் இல்லை. லிகமென்ட்டே ஆறியாக வேண்டும்.

மூன்றாவது, கால விரயம். வீக்கம் குறைவு, எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்பதால் முதல் சில வாரங்கள் கிரேப் பேண்டேஜோடு நடந்தே கழிந்துவிடும். காயத்தின் பெயர் தெரியவரும்போது காலம் போயிருக்கும்.

இதைத் தவிர, இந்த லிகமென்ட்டுகளைக் கிழிக்கப் பெரிய விசை வேண்டும் என்பதால், கூடவே டாலஸின் குருத்தெலும்பு நசுங்குவது, எலும்புக்குள் இரத்தக்கட்டு உண்டாவது போன்றவையும் சேர்ந்து வருவதுண்டு. அவற்றுக்கும் தனியாக நாள் பிடிக்கும்.

எண்ணெய் போட்டு உருவிவிடலாமா? புத்தூர் கட்டுக்குப் போகலாமா?

முதல் சில வாரங்களில் உருவவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுளுக்கு எடுப்பவர்கள் பாதத்தைப் பிடித்து இழுத்துத் திருப்பிச் சொடுக்குவார்கள். வெளிப்பக்கமாகத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிழிந்த லிகமென்ட் இன்னும் கொஞ்சம் பிரியும். காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். வலிக்கு மேற்பூச்சாக ஏதாவது தடவிக்கொள்வதில் கெடுதல் இல்லை. அழுத்தமும் திருகலும்தான் கெடுதல்.

கட்டைப் பொறுத்தவரை, காலை அசையாமல் வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் கவ்வி விரிந்திருக்கிறதா என்று தெரியாமலே கட்டுவதில் சிக்கல் இருக்கிறது. விலகிய நிலையிலேயே எலும்புகள் வாரக்கணக்கில் நின்றுவிட்டால், பிறகு அவற்றைச் சேர்ப்பது முன்னைவிடப் பெரிய வேலை. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கட்டும் வேண்டாம். கட்டிய பின் விரல்கள் மரத்துப்போனாலோ, குளிர்ந்து நிறம் மாறினாலோ காத்திருக்காமல் அவிழ்த்துவிட வேண்டும்.

பூட் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எத்தனை நாள்? அதற்குப் பிறகு என்ன நடக்கும்?

இப்படி வருபவர்கள் பலரின் நிலையைச் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டை அமைத்துச் சொல்கிறேன். வேளச்சேரிப் பக்கம் செயற்கைப் புல்தரையில் இரவில் கால்பந்து ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர். இன்னொருவர் அவர் காலின் வெளிப்பக்கத்தில் விழுந்தார். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. பத்து நாள் கழித்தும் மாநகரப் பேருந்தின் படியேறும்போது, அடிபட்ட காலை மேல்படியில் வைத்து உடலை முன்னே தள்ளும் இடத்தில் வலி குத்துகிறது என்று வருகிறார். மூட்டுக்கு மேலே ஏழு சென்டிமீட்டர் வரை அழுத்தினால் வலிக்கிறது. கெண்டைக்காலை நெருக்கினால் கீழே வலிக்கிறது. உட்பக்கக் கணுவுக்குக் கீழே எங்கே அழுத்தினாலும் வலியில்லை. இது நல்ல செய்தி. நின்றபடி எடுத்த படத்தில் இரண்டு கால்களிலும் இடைவெளிகள் ஒன்றாக இருக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் முன்பக்க லிகமென்ட் கிழிந்திருக்கிறது. பின்பக்க லிகமென்ட்டும் டெல்டாய்டும் முழுதாக இருக்கின்றன. ஆக, கிழிந்திருக்கிறது, ஆனால் கவ்வி விரியவில்லை. அறுவை சிகிச்சை வேண்டாம்.

அவருக்கு முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பூட்டும் ஊன்றுகோலும் கொடுத்து, குதிகாலின் கீழ் சிறு அட்டை வைக்கப்படுகிறது. குதிகால் உயர்ந்தால் டாலஸின் அகலமான பகுதி கவ்விக்குள் நுழைவது குறையும் என்பதே அந்த அட்டையின் வேலை. மூன்று வாரம் பாதி எடை மட்டும். பூட்டைக் கழற்றிப் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டிப் பழையபடி கொண்டுவரலாம். அதைத் தாண்டி மேலே இழுக்கவோ வெளியே திருப்பவோ கூடாது. இந்தக் கட்டத்தில் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் கெண்டைக்கால் பயிற்சியைச் சிலர் இணையத்தில் பார்த்துத் தொடங்கிவிடுகிறார்கள். சாதாரணச் சுளுக்குக்கு அது பொருந்தும். இங்கே காயத்தை இழுப்பதாகிவிடும்.

மூன்று வாரம் முடிந்ததும் நாள்காட்டியைப் பார்த்து பூட்டைக் கழற்றுவதில்லை. அழுத்தும்போது வரும் வலியின் உயரம் ஏழிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டராக இறங்கியிருக்கிறதா, பூட்டோடு முழு எடை வைத்து வலியின்றி நடக்கிறாரா என்று பார்த்தே ஷூவுக்கு மாறுகிறார். ஷூவுக்குள்ளும் குதிகால் அட்டை சில நாள் தொடர்கிறது. பிறகு இரண்டு கால்களிலும் சேர்த்துக் குதிகால் தூக்குவது, அதன்பின் ஒற்றைக் காலில், அதன்பின் ஒற்றைக் காலில் நின்று சமநிலைப் பயிற்சி. சுவரை ஒட்டி நின்று குதிகாலைத் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடும் அளவு, நல்ல காலுக்குச் சமமாக மெல்ல மெல்ல வரவேண்டும்.

ஏறத்தாழ ஏழாம் வாரம் நேர்க்கோட்டில் மெல்லோட்டம். நேராக ஓடுவது எளிது. திடீரென்று திரும்புவது கடினம், ஏனெனில் திரும்பும் காலில்தான் பாதம் வெளியே சுழலும் விசை பிறக்கிறது. ஆகவே வளைந்து ஓடுவது, திசை மாற்றுவது, எதிராளியோடு மோதுவது எல்லாம் அதற்கும் பின்னால். ஒற்றைக் காலில் பத்துப் பதினைந்து முறை வலியின்றிக் குதிக்க முடிகிறதா என்பது பார்க்கப்படும் வாசல்களில் ஒன்று. பத்தாம் வாரம் வாக்கில் அவர் முழு ஆட்டத்துக்குத் திரும்புகிறார். கவ்வி விரியாத காயத்துக்கு ஆறு முதல் பத்து வாரம் என்பது அசாதாரணமல்ல.

அறுவை சிகிச்சை யாருக்குத்தான் வேண்டியிருக்கும்?

கவ்வி விரிகிறவர்களுக்கு. நின்றபடி எடுத்த படத்தில் இடைவெளி கூடியிருந்தால் முடிவு எளிது. படம் சரியாக இருந்தும், டெல்டாய்டும் கிழிந்து, திருப்பும் சோதனையில் கடும் வலி இருந்தால், ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் மூட்டுக்குள் கேமரா விட்டு எலும்புகள் எவ்வளவு விலகுகின்றன என்று நேரில் பார்த்து முடிவெடுப்பதுண்டு.

டெல்டாய்டுக்கு ஏன் இத்தனை மரியாதை என்றால், டாலஸ் வெளிப்பக்கம் நகராமல் உள்ளிருந்து பிடித்திருப்பது அது. இறந்தவர்களின் கணுக்கால்களில் 1976இல் செய்த ஓர் ஆய்வில், டாலஸ் 1 மி.மீ. வெளிப்பக்கம் நகர்ந்தாலே மூட்டின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். அதே எடை சிறிய பரப்பில் இறங்கினால் குருத்தெலும்பு தேயும். டெல்டாய்டு முழுதாக இருக்கும்வரை டாலஸ் அப்படி எளிதில் நகர்வதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஆகவே அந்தச் சதவீதத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு மேல் சுளுக்குக்கும் பயப்பட வேண்டியதில்லை. இருபுறமும் கிழிந்த காலைத்தான் அலட்சியப்படுத்தக் கூடாது.

அறுவை சிகிச்சையில் இரண்டு எலும்புகளையும் குறுக்கே ஸ்க்ரூ கொண்டு பிணைப்பார்கள். அல்லது இருபுறமும் பொத்தான் வைத்த வலுவான நூலால் இழுத்துக் கட்டுவார்கள். ஸ்க்ரூ அசைவே இல்லாமல் பிடிக்கும். நாளடைவில் தளரலாம், உடையலாம். உடைந்தாலும் பலருக்குத் தொந்தரவு இருப்பதில்லை. எல்லோருக்கும் எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நூல் முறை இயல்பான சிறு அசைவை அனுமதிக்கும், ஆனால் விலை கூடுதல். எதுவானாலும் சில வாரங்கள் எடை வைக்காமல் இருந்து, விளையாட்டுக்குத் திரும்ப மூன்று மாதமோ அதற்கு மேலுமோ ஆகும். அசையாமல் இருக்கும் அந்த நாட்களில் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ, அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். உட்காரலாமா? பைக் எப்போது ஓட்டலாம்?

குதிகாலைப் பதித்துக் குந்தி உட்காருவது, டாலஸின் அகலமான பகுதியை முழு உடல் எடையோடு கவ்விக்குள் செலுத்துவதுதான். பூட் போட்டிருக்கும் காலத்தில் அது முடியாது; கழற்றிய பின்னும் சில வாரங்கள் வேண்டாம். மேலே வைக்கும் நாற்காலி வகைக் கம்மோடு மருந்துப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. முழங்கால்–சுவர் அளவு இரண்டு கால்களுக்கும் சமமான பிறகு குந்தலாம்.

மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இறங்குவதுதான் கடினம் என்பதை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள் இரண்டாம் நாளே தெரிந்துகொள்வார்கள்.

மோட்டார் சைக்கிளில் வலக்கால் பின் பிரேக்கையும் இடக்கால் கியரையும் இயக்குகிறது. பூட்டோடு எதையும் ஓட்டக் கூடாது. கியரில்லாத ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருக்கிறது என்று சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் சிக்னலில் நிற்கும்போது ஊன்றுவது இதே கால்தான், வண்டி சாய்ந்தால் சுழல்வதும் இதே கால்தான். ஒற்றைக் காலில் நின்று குதிகால் தூக்க முடியும்வரை காத்திருங்கள்.

பரதநாட்டியம் ஆடுகிறேன். மார்கழியில் நிகழ்ச்சி இருக்கிறது, இன்னும் ஏழு வாரம்தான். முடியுமா?

காயம் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் உங்களிடம் நேராகவே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் காயத்துக்கு நாட்டியம் கால்பந்துக்கு இளைத்ததல்ல. அரைமண்டியில் முழங்கால்கள் மடங்கி, குதிகால்கள் தரையில் இருக்க, பாதங்கள் வெளிப்பக்கம் பார்க்கின்றன. அதாவது கவ்வியை விரிக்கும் இரண்டு அசைவுகளும் ஒரே நிலையில், எடையோடு. அந்தத் திருப்பம் இடுப்பிலிருந்து வந்தால் கணுக்காலுக்குச் சுமை குறைவு. இடுப்பு போதிய அளவு திரும்பாத ஆடுநர், பாதத்தைத் தரையில் பிடித்துக்கொண்டு முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கிக் கோணத்தை எட்டுவார்; காயம் பட்டது அப்படிப்பட்ட காலில் என்றால் அரைமண்டியே மீண்டும் மீண்டும் காயத்தை இழுக்கும். மேடையில் ஷூவும் கிடையாது, குதிகால் அட்டையும் கிடையாது.

ஆட்டத்துக்குத் திரும்பும்போது வரிசை முக்கியம். முதலில் உட்கார்ந்து அபிநயமும் ஹஸ்தமும். பிறகு சமபாதத்தில் நின்று. பிறகு ஆழம் குறைந்த மண்டி, பாதங்கள் அதிகம் திரும்பாமல். பிறகு முழு அரைமண்டியில் மெல்லத் தட்டுவது. கடைசியாகக் குதிப்புகளும் முழுமண்டியும் சுற்றுகளும். முழுமண்டியில் குதிகால் உயர்ந்திருப்பதால் ஆப்பு அவ்வளவு நுழையாது, ஆனால் அதிலிருந்து எழும் இடத்தில் குதிகால் இறங்கிப் பாதம் திரும்பியிருக்கும். வலி அங்கேதான் காத்திருக்கும். ஏழு வாரத்தில் ஒரு பதம் செய்ய முடியலாம். முழு வர்ணத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஆசிரியரிடம் உருப்படியை மாற்றும்படி இப்போதே பேசிவிடுங்கள்.

ஐந்து மாதமாகியும் வலி போகவில்லை. ஸ்கேனில் ஆறிவிட்டது என்கிறார்கள்.

இங்கே மூன்று வாய்ப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டும். முதலாவது, கவ்வி நுட்பமாக விரிவது. படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தழும்பு ஒட்டியிருப்பது தெரியும். எடை வைக்கும்போது அந்தத் தழும்பு நீள்கிறதா என்பது தெரியாது. நின்றபடி இரண்டு கால்களையும் ஒப்பிட்டு எடுக்கும் எக்ஸ்ரே, வசதி இருக்கும் இடத்தில் நின்றபடி எடுக்கும் சி.டி., இவைதான் அதைக் காட்டும். நேராக நடந்தால் வலியில்லை, திரும்பினால் நம்பிக்கையில்லை என்று சொல்பவர்களிடம் இதை முதலில் சந்தேகிக்கிறேன்.

இரண்டாவது, முன்பக்க லிகமென்ட் ஆறியபோது உண்டான தடித்த தழும்பு மூட்டுக்குள் துருத்திக்கொண்டு, முன்சாயும்போதெல்லாம் நெருக்கப்படுவது. ஆர்த்ரோஸ்கோப்பியில் அதை மட்டும் சீவி எடுத்தாலே பலருக்கு வலி விலகுகிறது.

மூன்றாவது, கிழிந்த சவ்வில் சுண்ணாம்பு படிந்து, இரண்டு எலும்புகளுக்கும் நடுவே எலும்பே வளர்வது. சாதாரண எக்ஸ்ரேயிலேயே இது தெரியும், ஆனால் அடிபட்ட வாரத்தில் எடுத்த படத்தில் இருக்காது. மாதங்கள் கழித்து எடுத்த புதுப் படம் வேண்டும். சிறிதாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். இரண்டு எலும்புகளையும் முழுதாகப் பாலம் போட்டு இணைத்துவிட்டால், முன்சாயும்போது ஃபிபுலா இடம் கொடுக்க முடியாமல் ஓடும்போதும் குந்தும்போதும் வலிக்கும். அப்போதும் வளர்ச்சி முற்றி நின்ற பிறகே அதை அகற்றுவது பற்றி மருத்துவர் யோசிப்பார். போகும்போது பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் படம் படுத்து எடுத்ததா, நின்று எடுத்ததா என்பதை முதலில் கேளுங்கள்.